அரைக் கிலோ கிடைக்காதா அக்கா?

வீட்டிலிருந்தே சமைத்து ஆர்டருக்குக் கொடுக்கும் அக்காக்களிடம் பேசிப் பாருங்கள். போனில் வரும் கேள்விகள் மூன்றுதான் என்பார்கள். எவ்வளவிலிருந்து எடுப்பீங்க? காரம் எப்படி இருக்கும்? எத்தனை நாள் முன்னாடி சொல்லணும்? இந்த மூன்றுக்கும் அவர்கள் சொல்லும் பதில் பெரும்பாலும் கேட்பவருக்குப் பிடிப்பதில்லை. அரைக் கிலோ கேட்டால் குறைந்தது 2 கிலோ என்கிறார்கள். காரம் குறைக்கச் சொன்னால் பத்துக் கேள்வி திருப்பிக் கேட்கிறார்கள். நாளைக்கு வேண்டும் என்றால் முடியாது என்று வைத்துவிடுகிறார்கள். ‘கடைக்காரனே கூப்பிட்டுக் கொடுக்கிறான், வீட்டில் சமைக்கிறவங்களுக்கு என்ன இவ்வளவு கிராக்கி?’ என்று தோன்றத்தான் செய்யும்.

கிராக்கி ஒன்றும் இல்லை. அடுப்பங்கரைக்குள் போய்ப் பார்த்தால் மூன்று பதிலுக்கும் காரணம் அங்கேயே இருக்கிறது. எல்லாச் சமையலையும் இங்கே பேச இடமில்லை. அதிகம் ஆர்டர் வருவதும் அதிகம் சண்டை வருவதுமான ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: சீரகச் சம்பா அரிசியில், தம் போட்டுச் செய்யும் மட்டன் பிரியாணி.

முதலில் ‘ஒரு கிலோ பிரியாணி’ என்றால் என்ன என்று தீர்த்துக்கொள்ள வேண்டும். பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. பிரியாணிக்காரர்கள் கணக்கில் ஒரு கிலோ என்பது ஒரு கிலோ அரிசி. அதோடு ஒரு கிலோ கறி. அரிசி தண்ணீரைக் குடித்து, வெங்காயம், தக்காளி, தயிர், எண்ணெய் எல்லாம் சேர்ந்து தம் உடைக்கும்போது அது ஏறத்தாழ 4 கிலோ எடை வரும். கேட்பவரோ தராசில் நிறுத்த ஒரு கிலோ சாப்பாடு என்று நினைத்துக்கொள்கிறார். மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ‘ரெண்டு கிலோ போதும்’ என்று சொல்லி, வந்திறங்கிய அண்டாவைப் பார்த்து மலைத்துப்போனவர்கள் உண்டு. தலைகீழாக நடப்பதும் உண்டு. சமைத்த எடையைச் சொல்லி விற்பவரிடம் அரிசிக் கணக்கு என்று நம்பி வாங்கி, பாதிப் பந்தியில் கரண்டி தரை தட்டும். அதனால் யாரிடம் ஆர்டர் கொடுத்தாலும், விலையைக் கேட்பதற்கு முன் ‘அரிசிக் கணக்கா, செஞ்ச கணக்கா?’ என்று கேட்டுவிடுவது நல்லது.

இப்போது குறைந்தபட்ச அளவுக்கு வருவோம். எனக்குத் தெரிந்த, மதுரைப் பக்கம் ஓர் அக்கா 2 கிலோ அரிசிக்குக் குறைந்து எடுப்பதில்லை. லாபம் பார்க்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பேச்சு. லாபமும் ஒரு காரணம்தான், அவரே மறைப்பதில்லை. ஆனால் முதல் காரணம் பாத்திரம். ஆர்டருக்கு என்று அவர் வாங்கி வைத்திருக்கும் அடி கனமான அண்டா 5 கிலோ அரிசி கொள்ளும். அதில் அரைக் கிலோ போட்டால் சோறு அடியில் இரண்டு விரல் உயரத்துக்குப் பரந்து கிடக்கும். எண்ணெய் அகல அடியில் படர்ந்து மெல்லிய படலமாகிவிடும், வெங்காயம் பொன்னிறம் வருவதற்குள் ஒரு பக்கம் கருகும். தம் போடும்போது நிலைமை இன்னும் மோசம். தம் என்பது மூடிக்குள் அடைபட்ட ஆவியில் அரிசி கடைசி வேக்காடு வேகும் வேலை. பாத்திரத்தில் முக்கால்வாசி வெறுமையாக இருந்தால் ஆவி மேலே போய் மூடியில் குளிர்ந்து சொட்டும். மேல் சோறு நசநசவென்றும் அடிச் சோறு காய்ந்தும் போகும். பாத்திரத்தில் பாதியாவது நிரம்பினால்தான் தம் ஒழுங்காகப் பிடிக்கும் என்பது அவர் கணக்கு.

‘சின்னப் பாத்திரத்தில் செய்யலாமே?’ என்பது அடுத்த கேள்வி. செய்யலாம். ஆனால் கறிக்கடைக்குப் போய்வருவது, கறி வேகும் ஒரு மணி நேரம், தம் போடும் அரை மணி, பாத்திரம் கழுவுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் அரைக் கிலோவுக்கும் 3 கிலோவுக்கும் ஒன்றுதான். வெங்காயம் உரிப்பதும் பூண்டு தோலெடுப்பதும் மட்டும்தான் அளவுக்குத் தக்கபடி கூடுகிறது, குறைகிறது. பட்டை, கிராம்பு, ஏலக்காய் வறுத்து அரைக்கவும் மிக்ஸி ஜாரில் ஒரு குறைந்த அளவு வேண்டும். ஒரு கைப்பிடிகூட இல்லாவிட்டால் பிளேடு சும்மா சுற்றும். ஆக, அரைக் கிலோவுக்கு நியாயமான கூலி வைத்து விலை சொன்னால் கடைப் பிரியாணியைவிட எக்கச்சக்கமாக வரும், கேட்பவர் திட்டிவிட்டுப் போவார். விலை சொல்லித் திட்டு வாங்குவதைவிட, எடுப்பதில்லை என்று சொல்லிவிடுவது மேல் என்று அந்த அக்கா முடிவெடுத்திருக்கிறார்.

குறைந்தபட்சம் கேட்பவர்கள் அதிகபட்சம் எவ்வளவு என்று கேட்பதில்லை. உண்மையில் ஆபத்து அந்தப் பக்கம்தான். வீட்டு அடுப்பின் தீ 5 கிலோ அண்டாவையே நடுவில் மட்டும் சூடாக்கும், ஓரம் வேகாது. அதற்கு மேல் போனால் தனியாகப் பெரிய பர்னர் அடுப்பு, 19 கிலோ நீல சிலிண்டர், கிளற இன்னொரு கை வேண்டும். (வீட்டு உபயோகத்துக்குத் தரும் 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரில் விற்பனைக்குச் சமைப்பது சட்டப்படி கூடாது என்பது தனி விஷயம்.) ‘எவ்வளவு வேணும்னாலும் செஞ்சு தர்றோம்’ என்று சொல்லும் ஒற்றை ஆள் வீட்டுச் சமையல்காரரைக் கண்டால் நான் கொஞ்சம் ஒதுங்கியே நிற்பேன்.

ஓர் ஆர்டரை முழுசாகப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில் காதுகுத்து, சொந்தக்காரர்கள் மட்டும், மதியம் பன்னிரண்டரைக்குப் பந்தி. ‘முப்பது பேர்க்கா’ என்று போன் வருகிறது. எட்டுப் பேருக்கு ஒரு கிலோ என்ற பொதுக் கணக்கைப் போட்டால் 4 கிலோ என்று சொல்லிவிடலாம், அக்காவுக்கும் வருமானம். ஆனால் அவர் ‘பெரியவங்க எத்தனை, பிள்ளைங்க எத்தனை, வயசானவங்க எத்தனை?’ என்று பிரித்துக் கேட்கிறார். பதினெட்டுப் பெரியவர்கள், எட்டுப் பிள்ளைகள், நான்கு தாத்தா பாட்டிகள். பெரியவருக்கு 125 கிராம் அரிசி என்றால் 2,250 கிராம். பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60 கிராம் வைத்து 480. வயதானவர்களுக்கு 80 வைத்து 320. கூட்டினால் 3,050 கிராம். ஆக 3 கிலோ போதும். வேறு சாப்பாடு எதுவும் இல்லாமல், பிரியாணி, தயிர்ப் பச்சடி, தாளிச்சா என்று மட்டும் பரிமாறும் பந்திக்கு இந்தக் கணக்கு. பக்கத்தில் வெள்ளைச் சோறும் குழம்பும் இருந்தால் இன்னும் அரைக் கிலோ குறைக்கலாம்.

சோற்றை விடக் கறித்துண்டு கணக்கு முக்கியம். பந்தியில் மனஸ்தாபம் வருவது சோற்றால் அல்ல, ‘எனக்கு எலும்பு மட்டும்தான் விழுந்துச்சு’ என்பதால். பிரியாணிக்கு வெட்டச் சொன்னால் ஒரு கிலோவில் பதினெட்டு, இருபது துண்டு வரும். 3 கிலோவுக்கு ஐம்பத்தைந்து, அறுபது. பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு போக, பிள்ளைகளுக்கு ஒவ்வொன்று கொடுத்து, கொஞ்சம் மிஞ்சும். மூன்று துண்டு வேண்டும் என்று வீட்டுக்காரர் நினைத்தால் கறியைக் கூட்டச் சொல்ல வேண்டுமே தவிர, அரிசியையும் சேர்த்துக் கூட்டக் கூடாது. இதைப் போனிலேயே பேசி முடித்துவிட்டால் பந்தியன்று யாருக்கும் முகம் சுருங்காது.

அடுத்தது காரம். ‘மீடியமா போடுங்கக்கா’ என்பதுதான் எல்லாரும் சொல்வது. அதைப்போல உதவாத சொல் கிடையாது. செட்டிநாட்டு வீட்டு மிதமும், சாம்பாரில் வெல்லம் போடும் வீட்டு மிதமும் ஒன்றா? அந்த அக்கா வேறு மாதிரி கேட்பார்: ‘வழக்கமா எந்தக் கடைல வாங்குவீங்க? அதைவிடக் கூடவா, குறையவா?’ அவருக்கு அந்தக் கடைச் சுவை தெரிந்திருந்தால் ஒரு அளவுகோல் கிடைத்துவிடும். பிறகு, பந்தியில் இருக்கும் ஆகச் சின்னப் பிள்ளையின் வயது என்ன என்று கேட்பார்.

காரம் என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது பல இடங்களிலிருந்து வருவது. திண்டுக்கல் பாணியில் மிளகும் பச்சை மிளகாயும் தூக்கல். ஆம்பூர் பாணியில் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுது. சென்னைப் பக்கம் மிளகாய்த்தூள். இதோடு இஞ்சியும் கரம் மசாலாவும் தனித்தனி உறைப்பு. ‘காரம் கம்மி’ என்றதும் மிளகாய்த்தூளை மட்டும் பாதியாக்கினால், பச்சை மிளகாயும் மிளகும் அப்படியே நின்று நாக்கைப் பிடிக்கும். வாடிக்கையாளர் குறை சொல்வார், சமைத்தவர் ‘குறைச்சுத்தானே போட்டேன்’ என்பார், இருவர் சொல்வதும் உண்மை. சிலருக்கு உண்மையில் ஆகாதது மிளகாய் அல்ல, பட்டை கிராம்பின் நெடி. அதையும் அவர்கள் காரம் என்றே சொல்வார்கள்.

நிறம் இன்னொரு ஏமாற்று. மிளகாயின் சிவப்பும் உறைப்பும் வேறு வேறு பொருள்கள். கர்நாடகத்தின் பேடகி மிளகாய் ரத்தச் சிவப்பாக இருக்கும், உறைப்பு குறைவு. குண்டூர் மிளகாய் உறைப்புக்குப் பேர்போனது. நம் ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் மணம் தனி. ஒரே ரகத்திலும் இந்த வருட மிளகாய்க்கும் போன வருட மிளகாய்க்கும் உறைப்பு மாறும். அதனால் புது மூட்டை மிளகாய் அரைத்து வந்ததும், ஒரு ஸ்பூன் தயிரில் ஒரு சிட்டிகை தூளைக் கலந்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அளவுக் கரண்டியை மாற்றுவார் அந்த அக்கா. போன மாதம் மூன்று கரண்டி போட்ட இடத்தில் இந்த மாதம் இரண்டரையே போதும் என்று ஆகலாம். விதையை நீக்கினால் காரம் போய்விடும் என்பதும் அரைகுறை உண்மைதான். உறைப்பைத் தரும் கேப்சைசின் விதையில் உண்டாவதில்லை, விதை ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைத் தசையில் உண்டாகிறது. விதையோடு அந்தத் தசையும் போனால்தான் காரம் குறையும்.

ருசி பார்ப்பதிலும் ஒரு நுணுக்கம். கேப்சைசின் நாக்கில் தூண்டுவது, கொதிக்கும் சூட்டை உணரும் அதே நரம்புணர்வியை. அதனால் கொதிக்கக் கொதிக்க ருசித்தால் காரம் கூடத் தெரியும், பயந்து குறைத்துவிடுவோம். அக்கா கரண்டியிலிருந்து நாலு சொட்டு உள்ளங்கையில் விட்டு, ஆறின பிறகு நக்கிப் பார்ப்பார். அரிசி போடுவதற்கு முன்பு, கறி வெந்து தண்ணீர் கொதிக்கும் அந்தக் கட்டம்தான் பார்க்க வேண்டிய கட்டம். அப்போது உப்பும் உறைப்பும் கொஞ்சம் தூக்கலாக இருந்தால்தான், அரிசி குடித்த பிறகு சரியாக நிற்கும். கடலுப்பு கரிப்பது மாதிரி இருந்தால் தப்பு, குழம்பை வெறுமனே குடித்தால் முகம் லேசாகச் சுளிக்கிற மாதிரி இருந்தால் சரி என்பது அவர் சொல்லும் அடையாளம்.

காரம் கூடிப்போனால் எடுக்க வழி உண்டா? அரிசி விழுவதற்கு முன்னால் என்றால் உண்டு: தயிரோ தேங்காய்ப்பாலோ கூட்டலாம், கூடுதல் அரிசியும் தண்ணீரும் சேர்த்து மொத்த அளவைப் பெருக்கலாம். உருளைக்கிழங்கைப் போட்டால் காரத்தை இழுத்துக்கொள்ளும் என்பது கதை. கிழங்கு தன் பங்குக்குக் கொஞ்சம் குழம்பைக் குடிக்கும், மிச்சக் குழம்பின் உறைப்பு அப்படியேதான் இருக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் கேப்சைசின் போகாது. அது எண்ணெயில் கரைவது, தண்ணீரில் கரையாது. சாப்பிட்டுவிட்டு வாய் எரியும்போது தண்ணீர் குடித்தால் அடங்காததும், தயிர்ப் பச்சடி அடக்குவதும் இதனால்தான்.

‘பாதி காரம், பாதி காரமில்லாம’ என்று கேட்பவர்களுக்கு அக்காவின் பதில் கறார்: இரண்டு காரம் என்றால் இரண்டு பாத்திரம், இரண்டு பாத்திரத்துக்கும் தனித்தனியாக 2 கிலோ. மசாலா முதலிலேயே எண்ணெயில் இறங்கிவிடுகிற சமையலில் பாதியில் பிரிக்க வழியில்லை. அதற்குப் பதில் அவர் சொல்லும் யோசனை எனக்குப் பிடித்தது. பிரியாணியை வயதானவர்களும் சாப்பிடும் காரத்தில் வைத்துவிட்டு, உறைப்பை எல்லாம் பக்கத்தில் வரும் கறிச் சுக்காவில் ஏற்றிவிடுவது. காரப் பிரியர்கள் சுக்காவை அள்ளிப் பிசைந்துகொள்வார்கள். மூன்று வயசுக்குக் கீழே உள்ளதுகளுக்கு எந்தப் பிரியாணியும் சரிப்படாது, வீட்டில் ஒரு டம்ளர் அரிசி குழைய வடித்துத் தயிர் ஊற்றி வைத்துக்கொள்ளுங்கள் என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுவார்.

கடைசிக் கேள்வி, எத்தனை நாள் முன்னாடி. நம் காதுகுத்து வீட்டுக்கு ஞாயிறு பந்தி என்றால் வெள்ளிக்கிழமை இரவுக்குள் எண்ணிக்கை முடிவாக வேண்டும் என்கிறார் அக்கா. சமைக்க நாலு மணி நேரம்தானே, எதற்கு இரண்டு நாள்? பந்தி நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிப் பார்த்தால் புரியும்.

பன்னிரண்டரைக்குப் பந்தி என்றால் பதினொன்றே முக்காலுக்கு அண்டா வண்டி ஏற வேண்டும். அதற்கு முன் கால் மணி நேரமாவது தம் உடைக்காமல் சும்மா இருக்க வேண்டும், உடனே கிளறினால் சம்பா அரிசி ஒடிந்துபோகும். அதற்கு முன் தம் இருபத்தைந்து நிமிடம். அதற்கு முன் அரிசி கொதித்துத் தண்ணீர் வற்றும் நேரம். ஆக, பத்தரை மணி சுமாருக்கு அரிசி விழ வேண்டும். அதற்குள் கறி வெந்திருக்க வேண்டும், அதற்கு ஒரு மணி நேரம். அதற்கு முன் ஒன்றரைக் கிலோ வெங்காயம் வதங்கிச் சிவக்க அரை மணிக்கு மேல். எட்டரைக்கு அடுப்பு பற்றியாக வேண்டும். வெங்காயத்தை முந்தின இரவே வெட்டி வைத்தால் வாடை மாறும், ஆகவே அதுவும் காலையில்தான். ஆறு மணிக்கு அக்கா கறிக்கடையில் நிற்பார்.

ஞாயிறு காலை ஆறு மணிக் கறிக்கடை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தக் கூட்டத்தில் போய் நின்று, தொடையும் சப்பையும் கலந்து, இளங்கறியாக, பிரியாணித் துண்டாக 3 கிலோ கேட்டால், கடைக்காரர் கைக்கு வந்ததை வெட்டிப் போடுவார். வெள்ளிக்கிழமையே சொல்லி, கையில் கொஞ்சம் பணமும் கொடுத்திருந்தால் எடுத்துவைப்பார். வாடிக்கையாளரிடம் பாதித் தொகையை முன்பணமாக வாங்குவது இதற்காகத்தான். அந்தப் பணம் அக்கா கையில் தங்குவதில்லை, நேரே கறிக்கடைக்குப் போகிறது. கறிக்குச் சொல்லியாகிவிட்ட பிறகு ‘பத்துப் பேர் வரலைக்கா’ என்றால் திருப்பித்தர அவரிடம் எதுவும் இருக்காது.

எவ்வளவு திட்டமிட்டாலும் சொதப்பும் இடம் ஒன்று உண்டு. ஆடு முற்றினதாக இருந்தால் ஒரு மணி நேரத்தில் கறி வேகாது. கடையில் பார்த்துத் தெரிந்துகொள்வது கஷ்டம். அடுப்பில் முக்கால் மணி கழித்து எலும்போடு இருக்கும் ஒரு துண்டை எடுத்து நசுக்கிப் பார்த்தால், எலும்பு நுனியிலிருந்து சதை வழன்று பின்வாங்கியிருக்க வேண்டும். ரப்பர் மாதிரி திமிறினால் இன்னும் இருபது, முப்பது நிமிடம் ஆகும். புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் தவறுவது இங்கேதான்: கடிகாரத்தைப் பார்த்து அரிசியை ஊறப்போட்டுவிடுவார்கள். சீரகச் சம்பாவுக்கு இருபது, முப்பது நிமிட ஊறல் போதும். கறிக்காகக் காத்து ஒரு மணி நேரம் ஊறினால் அரிசி கிளறும்போதே நொறுங்கும். அக்கா அந்தத் துண்டை நசுக்கிப் பார்த்த பிறகுதான் அரிசியில் தண்ணீர் ஊற்றுவார். தண்ணீர் அளவும் வீட்டுக் கணக்கு அல்ல. வீட்டில் ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டு டம்ளர் வைக்கிறோம் என்றால், 3 கிலோவில் ஒன்றரைக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். ஆவியாவது பாத்திரத்தின் வாயகலத்தைப் பொறுத்தது, அரிசியின் அளவு கூடுகிற வேகத்தில் வாயகலம் கூடுவதில்லை. கறியும் தக்காளியும் தயிரும் விடும் தண்ணீரையும் இதில் கழிக்க வேண்டும். புது அரிசி என்றால் இன்னும் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் குழையும்.

‘அப்படின்னா சனிக்கிழமை ராத்திரியே செஞ்சு வெச்சுட்டா நிம்மதிதானே’ என்று சிலர் கேட்கிறார்கள். பன்னிரண்டு கிலோ சோறும் கறியும் அடைத்த அண்டா மூடிவைத்தால் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, குளிர்ச்சிக்கும் போகாமல் வெதுவெதுப்பாக நிற்கும் அந்த நேரம் கிருமிகளுக்குக் கொண்டாட்டம். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாகாமல் தங்கும். சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்து நச்சைக் கக்கும். வாந்தி வரவைக்கும் அந்த நச்சு காலையில் மறுபடி சூடு பண்ணினாலும் அழியாது. வீட்டு ஃப்ரிட்ஜில் அவ்வளவு பெரிய அண்டாவும் நுழையாது. இதே காரணத்தால் வாங்கிப்போகிறவருக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பதினொன்றே முக்காலுக்கு எடுத்துப்போய் மூன்று மணிப் பந்திக்கு வைத்திருப்பதாக இருந்தால் முன்னாலேயே சொல்ல வேண்டும், அதற்கு ஏற்றபடி அடுப்பைத் தாமதமாகப் பற்றவைப்பார். விற்பனைக்குச் சமைப்பவர் வீட்டிலிருந்தே சமைத்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்து 14 இலக்க எண் பெற்றிருக்க வேண்டும். பெரிய ஆர்டர் கொடுப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்பதில் தயக்கம் வேண்டியதில்லை.

இரண்டு நாள் என்பதும் சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். புரட்டாசி முழுக்க அண்டா காலியாகக் கிடக்கும், அந்த மாதம் அக்கா சாம்பார் சாதம், புளியோதரை ஆர்டரில் ஓட்டுவார். புரட்டாசி முடிந்து வரும் முதல் ஞாயிறுக்கு ஒரு வாரம் முன்னால் சொன்னால்கூட இடம் கிடைப்பது சந்தேகம். டிபன் ஆர்டருக்கு வேறு கணக்கு. இட்லி மாவுக்கு அரிசியும் உளுந்தும் ஊற நாலைந்து மணி நேரம், அரைத்த மாவு புளிக்க எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். மழைக்காலக் குளிரில் இன்னும் கூடும். முந்தின நாள் காலையில் சொல்லாவிட்டால் மறுநாள் காலை இட்லி வராது.

கடைசி நிமிடப் போன் வரத்தான் செய்யும். காதுகுத்து வீட்டிலிருந்து ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு வந்தது: ‘அக்கா, திருப்பூர்ல இருந்து மாமா வீட்டு ஆளுங்க கிளம்பிட்டாங்களாம், எட்டுப் பேர் கூட வருவாங்க.’ அரிசி இன்னும் விழவில்லை, அதனால் வழி இருந்தது. முக்கால் கிலோ அரிசி கூட்டி, தயிரும் மசாலாவும் அதற்குத் தக்கபடி ஏற்றி, கறி கூட்ட முடியாத குறைக்கு நாற்பது முட்டை அவித்து அனுப்பினார். ‘முட்டைக்கும் கூடுதல் அரிசிக்கும் தனிக் காசு தம்பி, துண்டு ஆளுக்கு ஒண்ணரைதான் வரும், இப்பவே வீட்டுல சொல்லிருங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் போனை வைத்தார். இதே போன் பதினொரு மணிக்கு, மூடியின் விளிம்பில் மாவு ஒட்டி மேலே கனல் போட்ட பிறகு வந்திருந்தால், அந்தப் பாத்திரத்தில் ஒரு பிடிகூடக் கூட்டியிருக்க முடியாது. பக்கத்துத் தெருக் கடையில் எட்டுப் பார்சல் வாங்கிக்கொள்ளச் சொல்லியிருப்பார்.